ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கால்சியம் கேட்கும் இதயம்: கை, கால் தசைக்கு அது தேவைப்படாதது ஏன்?

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது பாட்டிலில் 'ஆர்.எல்.' என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரிங்கர் லாக்டேட் என்பதன் சுருக்கம் அது. உப்பு, பொட்டாசியத்தோடு கொஞ்சம் கால்சியமும் அதில் கலந்திருக்கும். சிட்னி ரிங்கர் என்ற லண்டன் மருத்துவரின் பெயர் அந்தப் பாட்டிலுக்கு வந்ததற்குக் காரணம், 1880-களில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு விஷயம்.

ரிங்கர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. 1882-ல் அந்த முடிவுகளை வெளியிட்டும் விட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. கரைசல் தயாரிக்கக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தவில்லை. லண்டனுக்கு நியூ ரிவர் கம்பெனி விநியோகித்துவந்த குழாய்த் தண்ணீரையே பயன்படுத்தியிருந்தார்கள். சரி, முறைப்படி வடிநீரில் கலந்து பார்ப்போம் என்று செய்தால், அதே தவளை இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுபோனது.

குழாய்த் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? லண்டன் தண்ணீர் கடினநீர். அதில் கால்சியம் கலந்திருந்தது. வடிநீர்க் கரைசலில் மிகச் சிறிதளவு கால்சியம் உப்பைச் சேர்த்ததும் நின்ற இதயம் மறுபடி துடித்தது. 1883-ல் ரிங்கர் இதை எழுதினார். இதயம் துடிக்க, அதைச் சுற்றியுள்ள திரவத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும் என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால் 'தசைக்குக் கால்சியம் தேவை' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், தவளையின் கால் தசையை இதே மாதிரி கால்சியம் இல்லாத கரைசலில் போட்டால் வேறு விதமாக நடக்கிறது.

கால் தசை மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

1972-ல் ஆம்ஸ்ட்ராங், பெசானியா, ஹோரோவிட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தவளையின் ஒற்றைத் தசை இழையை எடுத்தார்கள். கால்சியத்தை நீக்கியதோடு விடாமல், மிச்சம் மீதி இருந்தாலும் அதைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு வேதிப்பொருளையும் கரைசலில் சேர்த்தார்கள். அதாவது, வெளியே கால்சியம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத நிலை. அப்போதும் மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, அந்த இழை பல நிமிடங்களுக்குச் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. இதயத் தசை என்றால் எப்போதோ நின்றிருக்கும்.

அப்படியானால் கால் தசைக்குக் கால்சியமே வேண்டாமா என்றால், வேண்டும். எந்தத் தசையாக இருந்தாலும் சுருக்கத்தைத் தொடங்கிவைப்பது கால்சியம்தான். தசை செல்லுக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. மயோசின் இழை ஆக்டினைப் பிடித்து இழுத்தால் தசை சுருங்கும். ஓய்வில் அந்தப் பிடிமானத்தை மறைத்தபடி வேறு புரதங்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்றான டிரோபோனினில் கால்சியம் போய் ஒட்டினால்தான் மறைப்பு விலகும். 1960-களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி இதைக் கண்டுபிடித்தார். மாரடைப்பு சந்தேகம் வந்தால் ரத்தத்தில் பார்க்கிறார்களே 'டிராப்' டெஸ்ட், அது இந்தக் குடும்பத்துப் புரதத்தைத்தான் தேடுகிறது.

ஆக, இரண்டு தசைக்கும் கால்சியம் வேண்டும். வித்தியாசம், அது எங்கிருந்து வருகிறது, அதை வரவழைக்கக் கட்டளை எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது.

கிடங்கும் அதன் கதவும்

ஒரு தசை செல்லுக்குள் ஓய்வு நேரத்தில் சுதந்திரமாகத் திரியும் கால்சியம் மிக மிகக் குறைவு. செல்லுக்கு வெளியே இருக்கும் அளவில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்குதான். ஆனால், செல்லுக்குள்ளேயே சவ்வால் மூடப்பட்ட ஒரு பை போன்ற அமைப்பு இருக்கிறது. சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்பது அதன் பெயர். நாம் அதைக் 'கிடங்கு' என்றே சொல்லலாம். செல் தன் கால்சியத்தை அங்கேதான் சேமித்துவைக்கிறது.

கிடங்கின் சுவரில் பெரிய கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ரையனோடின் ரிசெப்டர் என்று பெயர். இந்தக் கதவு திறந்தால் கால்சியம் கொட்டும், தசை சுருங்கும்.

செல்லின் மேல்சவ்விலும் ஒரு வகைக் கதவு இருக்கிறது. எல்-வகை கால்சியம் சேனல் என்பார்கள். மேல்சவ்வு ஆங்காங்கே மெல்லிய குழாய்களாக செல்லின் உள்ளே இறங்கிப் போகும். அந்தக் குழாயின் சுவரும் கிடங்கின் சுவரும் நேருக்கு நேர் நிற்கும் இடங்களில்தான் இந்த இரண்டு கதவுகளும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் உள்ள இடைவெளி சுமார் 12 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு.

மின் தூண்டல் வரும்போது அதை உணர்வது மேல்சவ்வுக் கதவு. கால்சியத்தைக் கொட்ட வேண்டியது கிடங்குக் கதவு. இந்த 12 நானோமீட்டரை அந்தச் செய்தி எப்படித் தாண்டுகிறது? இரண்டு தசைகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

கை, கால் தசையில் மேல்சவ்வுக் கதவும் கிடங்குக் கதவும் புரதத்தோடு புரதமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மின்னழுத்தம் மாறினால் மேல்கதவின் உருவம் கொஞ்சம் அசையும். அந்த அசைவே கயிறு கட்டி இழுத்த மாதிரி கிடங்குக் கதவைத் திறந்துவிடும். மேல்கதவு வழியாகக் கால்சியம் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கை, கால் தசையின் மேல்கதவு வழியாகக் கால்சியம் துளிகூட நுழைய முடியாதபடி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். எலிகளின் தசைத் திறனில் குறையொன்றும் தெரியவில்லை.

இதயத்தில் அந்தக் கயிறு கிடையாது. மேல்கதவு நிஜமாகவே திறந்து, வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வர வேண்டும். அந்தக் கொஞ்சம் கால்சியம் 12 நானோமீட்டரைத் தாண்டி கிடங்குக் கதவில் போய் ஒட்டும். ஒட்டியதும் கிடங்கு திறந்து நிறையக் கால்சியத்தைக் கொட்டும். கால்சியமே கால்சியத்தை வெளியே அழைக்கிறது. 'கால்சியம் தூண்டும் கால்சியம் வெளியேற்றம்' என்று இதைச் சொல்வது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை, இப்படி ஒன்று நடக்க முடியும் என்று 1970-ல் முதலில் காட்டியது இதயத்தில் அல்ல. மேல்சவ்வு உரிக்கப்பட்ட கை, கால் தசை இழைகளில். அங்கே அந்தத் திறன் இருக்கிறது, ஆனால் கட்டளையைக் கொண்டுபோகும் முதல் வழி அது இல்லை. அதையே தன் அன்றாட வேலையாக வைத்திருப்பது இதயம்தான் என்று 1970-களிலும் 80-களிலும் நிலைநாட்டியவர் அலெக்சாண்டர் ஃபாபியாட்டோ. இதய செல்லின் மேல்சவ்வை உரித்துவிட்டு, துளித்துளியாகக் கால்சியத்தைச் செலுத்தி, கிடங்கு எப்போது கொட்டுகிறது என்று அவர் அளந்தார்.

கதவை மாற்றினால் தசையின் குணமே மாறுமா?

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய பரிசோதனை 1990-ல் வந்தது. பிறவியிலேயே கை, கால் தசையின் மேல்கதவு இல்லாத ஒரு வகை எலி உண்டு. அதன் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். ஏனென்றால் இதயத்தின் மேல்கதவு வேறொரு மரபணுவிலிருந்து வருகிறது. ஆனால் மூச்சு இழுக்கும் தசைகள் அசையாது. அதனால் பிறந்ததும் இறந்துவிடும்.

ஜப்பானின் தனபே, நூமா குழுவும் அமெரிக்காவின் கர்ட் பீமும் சேர்ந்து, இந்த எலியின் தசை செல்களை வளர்த்து அவற்றுக்குள் மரபணுவைச் செலுத்தினார்கள். கை, கால் தசைக்கான மேல்கதவின் மரபணுவைக் கொடுத்தபோது செல் சுருங்கியது. வெளியே கால்சியம் இல்லாவிட்டாலும் சுருங்கியது. அடுத்து, அதே வகை செல்லுக்கு இதயக் கதவின் மரபணுவைக் கொடுத்தார்கள். இப்போதும் சுருங்கியது. ஆனால் வெளியே கால்சியத்தை எடுத்ததும் சுருக்கம் நின்றுவிட்டது. கால் தசை செல், இதயம் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒட்டுவேலை செய்தார்கள். இதயக் கதவை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் செல்லின் உள்பக்கம் தொங்கும் ஒரு சிறு வளையத்தை மட்டும் கால் தசைக் கதவின் வளையமாக மாற்றினார்கள். செல் மறுபடி கால் தசை மாதிரி, வெளிக் கால்சியத்தை எதிர்பார்க்காமல் சுருங்கியது. கயிறு கட்டியிருப்பது அந்த வளையத்தின் பக்கம்தான் என்பது அதிலிருந்து தெளிவானது.

ஒரு துடிப்பு, ஆரம்பம் முதல் முடிவு வரை

இப்போது உங்கள் இதயத்தின் ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். மின் அலை ஒரு கீழறை செல்லை வந்தடைகிறது. மேல்சவ்வின் மின்னழுத்தம் சட்டென்று உயர்கிறது. மேல்கதவுகள் திறந்து வெளியிலிருந்து கால்சியம் வருகிறது. கிடங்குக் கதவுகள் திறக்கின்றன. செல்லுக்குள் கால்சியத்தின் அளவு ஓய்வு நிலையைவிடப் பத்து மடங்கு வரை ஏறுகிறது. டிரோபோனினில் ஒட்டுகிறது. செல் சுருங்குகிறது.

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சுருங்கிய இதயம் விரிந்தால்தான் அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்பும். விரிய வேண்டுமென்றால், கொட்டிய கால்சியத்தை அள்ளியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கிடங்கின் சுவரில் உள்ள பம்ப்; ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்துக் கால்சியத்தை மறுபடி கிடங்குக்குள் ஏற்றும். இன்னொன்று, மேல்சவ்வில் உள்ள ஒரு பண்டமாற்றுப் புரதம். மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும். இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முயலின் இதயத்தில் அளந்தபோது சுமார் 70 சதவீதக் கால்சியம் கிடங்குக்குத் திரும்புகிறது. 28 சதவீதம் வெளியே போகிறது. மனித இதயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். எலியில் 92 சதவீதம் கிடங்குக்கே போய்விடும். தவளை இதயம் மறுகோடி. அதன் கிடங்கு மிகச் சின்னது, சுருங்கத் தேவையான கால்சியத்தில் பெரும்பகுதி நேரடியாக வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். ரிங்கரின் இதயங்கள் அவ்வளவு சீக்கிரம் நின்றதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் கட்டாயம். ஒரு துடிப்பில் வெளியிலிருந்து எவ்வளவு கால்சியம் வந்ததோ அவ்வளவும் அதே துடிப்புக்குள் வெளியே போயாக வேண்டும். வரவு கூடினால் கிடங்கு நிரம்பி வழியும். செலவு கூடினால் கிடங்கு காலியாகித் துடிப்பு பலவீனமாகும்.

சரி, எதுக்கு இவ்வளவு சுத்துவழி?

கயிறு கட்டி இழுக்கிற வழி சுலபமாக இருக்கும்போது, இதயம் ஏன் ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து கால்சியத்தை எதிர்பார்க்க வேண்டும்? இரண்டு தசையும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

ஒரு டம்ளரைத் தூக்கும்போது கையில் உள்ள தசை இழைகளில் கொஞ்சம் பேர் மட்டும் வேலை செய்கிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது மூளை இன்னும் நிறைய இழைகளைக் கூப்பிடுகிறது. போதாவிட்டால், ஒரு சுருக்கம் அடங்குவதற்குள் அடுத்தடுத்து மின் தூண்டல் அனுப்பி, சுருக்கத்தின் மேல் சுருக்கமாக அடுக்குகிறது. ஒவ்வொரு இழையும் 'திற' என்றால் திறக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பொறுப்பு.

இதயத்தில் இந்த இரண்டுமே நடக்காது. இதய செல்கள் எல்லாம் மின்சார ரீதியாக ஒன்றோடொன்று இணைந்தவை. ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா செல்லும் சுருங்கியாக வேண்டும். கூடுதலாகக் கூப்பிட ஆள் மிச்சம் இல்லை. சுருக்கத்தின் மேல் சுருக்கம் அடுக்கவும் கூடாது. அப்படி அடுக்கினால் இதயம் இறுகியபடியே நின்று, ரத்தம் நிரம்ப வழியில்லாமல் போகும். அதைத் தடுக்கத்தான் இதய செல்லின் மின் தூண்டல் 200 முதல் 300 மில்லி நொடி வரை நீள்கிறது. கை, கால் தசையில் அது சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். இதயத்தில் ஒரு தூண்டல் முடியும்போது சுருக்கமும் ஏறக்குறைய முடிந்திருக்கும். இடையில் இன்னொன்றைச் செருக இடமில்லை.

அப்போது மாடிப்படி ஏறும்போது இதயம் எப்படிக் கூடுதல் பலத்தோடு துடிக்கிறது? ஒவ்வொரு செல்லும் தன் கால்சியத்தைக் கூட்டிக்கொள்கிறது. அட்ரினலின் வந்ததும் மேல்கதவு வழியாக அதிகக் கால்சியம் வருகிறது. கிடங்கின் பம்ப்பும் வேகமெடுக்கிறது. அதனால் கிடங்கு முன்பைவிட நிரம்புகிறது, அடுத்த துடிப்பில் அதிகமாகக் கொட்டுகிறது. பம்ப்பின் வேகத்தால் இதயம் சீக்கிரமாக விரியவும் செய்கிறது. கயிறு என்றால் இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். உள்ளே வரும் கால்சியம் என்றால் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

கால்சியமே கால்சியத்தைத் திறந்தால், எங்கே நிற்கும்?

இந்த இடத்தில் விஞ்ஞானிகள் நெடுநாள் முழித்தார்கள். கால்சியம் பட்டால் கிடங்குக் கதவு திறக்கும். திறந்தால் இன்னும் கால்சியம் வரும். அது பக்கத்துக் கதவைத் திறக்கும். வைக்கோல்போரில் தீப்பொறி விழுந்த கதை. அப்படியென்றால் துளி கால்சியம் வந்தாலும் கிடங்கு முழுக்கக் காலியாக வேண்டும். கொஞ்சமாகக் கொடுத்தால் கொஞ்சமாகக் கொட்டுவது எப்படி சாத்தியம்?

விடை 1993-ல் கண்ணுக்குத் தெரிந்தது. ஹெப்பிங் செங், ஜொனாதன் லெடரர், மார்க் கனெல் ஆகியோர், கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை எலியின் இதய செல்லில் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஓய்வில் இருந்த செல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன மின்மினிகள் பளிச்சிட்டு அணைந்தன. அவற்றுக்குக் 'கால்சியம் ஸ்பார்க்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு பொறியும், கூட்டமாக நிற்கும் ஒரு கொத்துக் கிடங்குக் கதவுகள் சேர்ந்து திறப்பதால் வருவது. கொத்துக்குள் தீ பரவுகிறது. கொத்திலிருந்து கொத்துக்குச் சாதாரணமாகப் பரவுவதில்லை. அடுத்த கொத்து தள்ளி இருக்கிறது, அங்கே போவதற்குள் கால்சியம் நீர்த்துப்போகிறது. ஒரு செல்லில் இப்படி ஆயிரக்கணக்கான கொத்துகள். ஒவ்வொரு கொத்துக்கும் எதிரில் அதற்கென்று மேல்கதவுகள். துடிப்பின்போது எத்தனை மேல்கதவுகள் திறக்கின்றனவோ அதற்கேற்ப இத்தனை கொத்துகள் பொறி விடும். ஒரு கொத்து தன்னளவில் வெடித்தாலும், செல்லின் மொத்தக் கணக்கு படிப்படியாகக் கூடிக் குறைகிறது. தீப்பற்றினால் ஒரு வீடு போகும், தெரு போகாது என்று இடைவெளி விட்டுக் கட்டிய குடிசைகள் மாதிரி.

பி.பி. மாத்திரை கை, காலைத் தளரவைக்காதது ஏன்?

அம்லோடிபின், வெரபாமில், டில்டியாசெம் போன்ற மாத்திரைகளுக்குக் கால்சியம் சேனல் பிளாக்கர் என்று பெயர். இவை அடைப்பது இந்த எல்-வகை மேல்கதவைத்தான். 'கால்சியத்தை அடைச்சா கை, கால் விளங்குமா டாக்டர்?' என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் இதுவரை சொன்னதிலேயே இருக்கிறது. கை, கால் தசையில் அந்தக் கதவு வழியாகக் கால்சியம் வர வேண்டியதே இல்லை. கதவு அசைந்தால் போதும்.

இதயத்தில் அப்படி இல்லை. 1960-களில் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன், வெரபாமில் கொடுத்த இதயத் தசை, கால்சியத்தை எடுத்துவிட்ட இதயத் தசை மாதிரியே தளர்வதைக் கவனித்தார். ரிங்கரின் வடிநீர் செய்ததை ஒரு மருந்து செய்தது. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு வெரபாமிலையும் டில்டியாசெமையும் மருத்துவர்கள் தவிர்ப்பது இதனால்தான். அம்லோடிபின் ரத்தக்குழாய்த் தசையில்தான் அதிகம் வேலை செய்கிறது, இதயத்தில் குறைவு.

இன்னொரு சந்தேகமும் வரலாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் சிலருக்குக் கை, கால் விரல்கள் இழுத்துக்கொள்கின்றனவே, அது எப்படி? அது தசையின் குறை அல்ல, நரம்பின் வேலை. கால்சியம் குறைந்தால் நரம்புகள் சும்மா இருக்கும்போதே கட்டளை அனுப்ப ஆரம்பித்துவிடும். தசை அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது, அவ்வளவுதான். அதே ஆளின் இதயமோ பலம் குறைந்து சுருங்கும். நிறைய ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால், ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பில் உள்ள கால்சியத்தைக் கட்டிப்போடும். ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் மருத்துவர்கள் கூடவே கால்சியத்தையும் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். மற்றபடி, ஆரோக்கியமானவர் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் இதயம் பலமாகத் துடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு சுரப்பி கறாராகப் பார்த்துக்கொள்கிறது.

கிடங்குக் கதவு கசிந்தால்

இரண்டு தசையின் கிடங்குக் கதவும் ஒரே குடும்பம்தான், ஆனால் வெவ்வேறு மரபணுக்கள். கதவில் பிறவிக்குறை இருந்தால் என்ன ஆகும் என்பது, அது எந்தத் தசை என்பதைப் பொறுத்தது.

கை, கால் தசையின் கதவில் குறை உள்ளவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே வாழ்வார்கள். ஆபரேஷனுக்குச் சில வகை மயக்க வாயுக்களைக் கொடுக்கும்போதுதான் ஆபத்து. கதவு திறந்தபடி நின்றுவிடும். உடம்பு விறைக்கும், காய்ச்சல் கிடுகிடுவென ஏறும். 1960-ல் ஆஸ்திரேலியாவின் டென்பரோவும் லவலும் இதைப் பற்றி எழுதினார்கள். கால் முறிந்து வந்த ஓர் இளைஞர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தார். அவர் உறவினர்களில் பத்துப் பேர் மயக்க மருந்து கொடுத்தபோது இறந்திருந்தார்கள். இன்று டான்ட்ரோலின் என்ற மருந்து அந்தக் கதவை அடக்குகிறது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் இப்படி நேர்ந்திருந்தால், ஆபரேஷனுக்கு முன் சொல்லியே ஆக வேண்டும்.

இதயத்தின் கதவில் குறை இருந்தால் ஆபத்து வேறு நேரத்தில் வருகிறது. 'சி.பி.வி.டி.' என்று சுருக்கமாகச் சொல்லும் பரம்பரை நோய் அது. அதன் காரணம் இதயக் கிடங்குக் கதவின் மரபணுவில் இருக்கலாம் என்பது 2001-ல் தெரியவந்தது. இந்தக் குழந்தைகளின் இதயம் வடிவத்தில் நன்றாக இருக்கும். எக்கோ சரியாக இருக்கும். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யும் சரியாக இருக்கும். ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்து அழும்போதோ திடீரென்று மயங்கி விழுவார்கள்.

அந்த ஓட்டத்தின்போது செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அட்ரினலின் ஏறுகிறது. கிடங்கு வழக்கத்தைவிட நிரம்புகிறது. நல்ல கதவு என்றால் தாங்கும். குறையுள்ள கதவு, துடிப்பு முடிந்து செல் ஓய்வில் இருக்கும் நேரத்தில், யாரும் கட்டளை கொடுக்காமலே கசிகிறது. கிடங்கு நிரம்பியிருப்பதால் ஒரு கொத்தின் பொறி அடுத்த கொத்துக்குத் தாவி, செல் முழுக்க அலையாகப் போகிறது. செல்லுக்குள் கால்சியம் கூடியதும் பண்டமாற்றுப் புரதம் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்த மூன்றுக்கு ஒன்று கணக்கு இப்போது வினையாகிறது. மூன்று சோடியம் மூன்று நேர்மின்சுமையோடு உள்ளே வருகிறது. ஒரு கால்சியம் இரண்டோடு வெளியே போகிறது. ஒவ்வொரு மாற்றிலும் ஒரு மின்சுமை உள்ளே தங்குகிறது. போதுமான அளவு சேர்ந்தால் மின்னழுத்தம் எல்லையைத் தாண்டி, அழைக்காத ஒரு துடிப்பு கிளம்புகிறது. வழக்கமாக மின்சாரம் கால்சியத்தை வரவழைக்கும்; இங்கே கால்சியம் மின்சாரத்தை வரவழைத்துவிட்டது. இப்படித் தொடர்ந்து கிளம்பினால் இதயம் தாறுமாறாகத் துடித்து, மூளைக்கு ரத்தம் போகாமல் குழந்தை விழுகிறது. சில நேரம் அதுவே உயிரைப் பறிக்கிறது.

கீழே விழும்போது கை, கால் வெட்டி இழுக்கலாம் என்பதால் வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி, மருத்துவரின் மேற்பார்வையில் டிரெட்மில்லில் ஓடவைத்து இ.சி.ஜி. பார்ப்பது. வேகம் கூடக் கூடக் கூடுதல் துடிப்புகள் ஒன்றிரண்டாக ஆரம்பித்துப் பெருகும். சிலரிடம் அலைகள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி வரும். தெரிந்தவர் கண்ணுக்கு அது பெரிய துப்பு. மரபணுப் பரிசோதனை அதை உறுதிசெய்யலாம். உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிப்பதும் அவசியம்.

சிகிச்சையும் இதே சங்கிலியைப் பின்பற்றித்தான் போகிறது. அட்ரினலின் கட்டளையை மட்டுப்படுத்த நாடோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை. ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். போதாவிட்டால் ஃபிளெக்கனைட். கடும் விளையாட்டுக்குத் தடை. சிலருக்கு நெஞ்சில் ஐ.சி.டி. கருவி பொருத்துவார்கள், ஆனால் அதுவே முழுத் தீர்வு ஆகாது. கருவி கொடுக்கும் ஷாக் வலியும் பயமும் தரும், அதனால் அட்ரினலின் இன்னும் ஏறும், அடுத்த கசிவுக்கு அதுவே காரணமாகலாம்.

அதனால் பெற்றோரும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெயிலில் அசெம்பிளியில் ரொம்ப நேரம் நின்று மயங்கும் குழந்தைகள் ஏராளம். பெரும்பாலும் அதற்குக் காரணம் சாதாரணமானது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீந்திக்கொண்டிருக்கும்போதே விழுந்த குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு அனுப்பாமல், இதய மருத்துவரிடம் அழைத்துப்போய், 'ஓடும்போது விழுந்தான்' என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை மருத்துவர் முடிவுசெய்ய அந்த ஒரு தகவல்தான் ஆதாரம்.